மீதி 75 படம் எங்கே?

ஸ்லோமோஷனுக்குக் கேமராவை மெதுவாக ஓட்டுவார்கள் என்று நினைத்திருந்தால், விஷயம் நேர் எதிர்! வேகமாக ஓட்ட வேண்டும். விநாடிக்கு 96 படம் எடுத்து, வழக்கமான 24 வேகத்தில் காட்டினால் ஒரு விநாடி நான்காக நீளும். ஆகஸ்ட் முஸ்கர் என்ற ஆஸ்திரியப் பாதிரியார், சுழலும் கண்ணாடிகளை வைத்து இப்படி வேகமாகப் படம் பிடிக்கும் கருவிக்கு 1904-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

சரி, சாதாரண வேகத்தில் எடுத்து முடித்தாயிற்று. அப்புறம்தான் ஆசை வருகிறது. என்ன செய்வது?

உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம். மாலை மாற்றும் அந்த ஒரு விநாடியை நான்கு விநாடியாக இழுக்க வேண்டும் என்றால் 100 ஃபிரேம் தேவை. கையில் இருப்பது 25. மீதி 75?

சினிமாக்காரர்கள் முதலில் கண்டுபிடித்த வழி, இருப்பதையே திரும்பத் திரும்ப அச்சிடுவது. ஒவ்வொரு ஃபிரேமும் நான்கு தடவை. 'ஸ்டெப் பிரின்டிங்' என்று பெயர். மாலை விட்டு விட்டு, தத்தித் தத்தி நகரும். இந்தத் தத்தலையே அழகாக்கியவர் ஹாங்காங் டைரக்டர் வாங் கார்-வாய். 1994-ல் வந்த 'சங்கிங் எக்ஸ்பிரஸ்' படத்தில் கூட்டத்துக்குள் ஓடும் காட்சிகளில் வேண்டுமென்றே இதைச் செய்தார். எல்லோருக்கும் அது பொருந்துமா?

அடுத்த வழி, பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களைக் கலந்துவிடுவது. தத்தல் குறையும். ஆனால், மாப்பிள்ளைக்கு நான்கு கை முளைக்கும், பேய் மாதிரி மங்கலாக!

உண்மையான விடை சினிமாவிலிருந்து வரவில்லை. 1981-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹார்ன், ஷுங்க் என்ற இருவர், அசைவைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க ஒரு கணக்குப் போட்டார்கள். 'ஆப்டிகல் ஃப்ளோ' என்று சொல்வார்கள். இந்த ஃபிரேமில் இருக்கும் புள்ளி, அடுத்த ஃபிரேமில் எங்கே போயிற்று? அதைத் தேடு. மாலையின் ஒரு பூ 40 புள்ளி வலது பக்கம் நகர்ந்திருக்கிறதா? அப்படியானால் நடுவில் 10, 20, 30 என்று மூன்று இடங்களில் அதை வைத்துப் புதிதாக மூன்று படம் வரை. எல்லாப் புள்ளிக்கும் இதேபோல. காணாமல் போன 75-ம் தயார்!

1999-ல் வந்த 'மேட்ரிக்ஸ்' படத்தில், மொட்டை மாடியில் ஹீரோ வளைந்து தோட்டாக்களிலிருந்து தப்பிக்கும் காட்சி ஞாபகம் இருக்கிறதா? சுற்றிலும் சுமார் 120 ஸ்டில் கேமரா வைத்து எடுத்தார்கள். ஒரு கேமராவுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட படங்களைக் கம்ப்யூட்டர்தான் இப்படிப் போட்டு நிரப்பியது. பிறகு 'ட்விக்ஸ்டர்', 'ஃபர்னஸ்' என்று இந்த வேலைக்கான சாஃப்ட்வேர்கள் வந்தன. இரண்டையும் உருவாக்கியவர்களுக்கு 2007-ல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது.

ஆனால், 1981-ம் வருடத்துக் கணக்கில் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. ஒரு புள்ளி நகர்ந்தாலும் அதன் வெளிச்சம் மாறாது என்பது ஒன்று. பக்கத்துப் புள்ளிகள் சேர்ந்தே நகரும் என்பது இன்னொன்று. கல்யாண மண்டபம் இரண்டையுமே உடைத்துவிடும்! சீரியல் பல்பு விட்டு விட்டு எரிகிறது. அட்சதை தூவுகிறார்கள். எல்லா அரிசியும் ஒரே மாதிரி. எது எங்கே போனது என்று கம்ப்யூட்டர் திணறுகிறது. கை முகத்தைக் கடக்கும்போது, கைக்குப் பின்னால் மறைந்திருந்த கன்னம் திடீரென்று வெளியே வரும். முந்தைய ஃபிரேமில் அதற்கு ஜோடியே கிடையாது.

விளைவு? கையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவர் ஜெல்லி மாதிரி இழுபடும். அதுதான் அடையாளம். இதைக் குறைக்க, ஷட்டரை விநாடியில் 500-ல் ஒரு பங்கு மாதிரி வேகமாக வைத்து, விளிம்புகள் கலங்காமல் எடுக்க வேண்டும். பின்னணி வெறுமையாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு வந்த முறைகள், ஆயிரக்கணக்கான வீடியோக்களைப் பார்த்துப் பழகியவை, நிறையவே தேறியிருக்கின்றன. அவையும் ஊகம்தான்.

அழகுக்காக என்றால் ஊகம் போதும். தீர்ப்புக்கு? 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து, 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்குள் ஒன்றரை மீட்டர் கடந்துவிடும். ஒரு ஃபிரேமில் பந்து மட்டைக்கு முன்னால். அடுத்ததில் பின்னால். உரசியதா, இல்லையா? நடுவில் எத்தனை ஃபிரேம் வரைந்தாலும், பந்து வழுக்கிக்கொண்டு போவது தெரியுமே தவிர, உரசல் தெரியாது. அந்தக் கணம் கேமராவில் விழவே இல்லை. அங்கே முஸ்கர் பாதிரியார் சொன்ன வழிதான் ஒரே வழி: எடுக்கும்போதே வேகமாக எடு!