நூலக இருப்புச் சரிபார்ப்பும் சேர்க்கைப் பதிவேடும்

நூலக அலமாரியில் உள்ள புத்தகங்களை எண்ணிப் பார்த்தால் இருப்பவை எவை என்று தெரியும். இல்லாதவை எவை என்று தெரியாது. அதை அறிய, முன்பு என்னென்ன இருந்தன என்று எழுதிவைத்த ஏடு ஒன்று கையில் வேண்டும். அந்த ஏடே சேர்க்கைப் பதிவேடு. அலுவலக வழக்கில் அக்செஷன் ரெஜிஸ்டர் என்பார்கள். அந்த ஏட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு இருப்புச் சரிபார்ப்பு என்று பெயர். இப்பதிவேடு வருவதற்கு முன்பும் சரிபார்ப்பு நடந்தது. ஆனால் அப்போது சரிபார்க்கப்பட்டவர்கள் மனிதர்களே.

இங்கிலாந்தின் காண்டர்பரியில் 1070 முதல் 1089 வரை பேராயராக இருந்த லான்பிராங்க், அங்கிருந்த துறவிகளுக்கு ஒழுங்குமுறைகளை எழுதிவைத்தார். அவற்றில் புத்தகங்களுக்கும் ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. தவக்காலத்தின் முதல் ஞாயிறுக்கு மறுநாள், மடத்தின் கூட்ட மண்டபத்தில் கம்பளம் விரித்து நூல்களை அதன்மேல் அடுக்குவார்கள். சென்ற ஆண்டு யார் யார் எந்த நூலைப் பெற்றார்கள் என்ற பட்டியலை நூற்காப்பாளர் உரக்கப் படிப்பார். பெயர் சொல்லப்பட்டவர் தம் நூலைத் திருப்பித் தருவார். அதை முழுதும் படித்து முடிக்காதவர் தரையில் விழுந்து தம் குறையை ஒப்புக்கொள்வார். எல்லா நூல்களும் ஓரிடத்துக்கு வந்து சேர்வதால், வராதது எது என்பது அப்போதே வெளிப்பட்டுவிடும். சில நூறு நூல்களும் ஒரே கூரையின்கீழ் வாழும் வாசகர்களும் இருந்தவரை இம்முறை போதுமானதாக இருந்தது.

நூல்கள் பெருகியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. பாரிசின் சோர்போன் கல்லூரி 1338இல் தயாரித்த பட்டியலில் 1,722 நூல்கள் இருந்தன. ஒரே நூலுக்குப் பல கைப்படிகள் இருந்ததால், நூலின் பெயரை மட்டும் எழுதிவைத்துப் பயனில்லை. நல்ல படியை எடுத்துச் சென்றவர், அதே பெயருள்ள மட்டமான படி ஒன்றைத் திருப்பித் தந்தால் கண்டுபிடிக்க வழி வேண்டுமல்லவா? அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. ஒவ்வொரு படியிலும் இரண்டாம் ஏடு எந்தச் சொற்களோடு தொடங்குகிறது என்பதைப் பட்டியலில் குறித்துக்கொண்டார்கள். முதல் ஏட்டின் தொடக்கம் எல்லாப் படிகளிலும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் கையால் எழுதும்போது ஒரு பக்கத்தில் இத்தனை சொற்கள்தாம் என்ற அளவு எழுதுபவருக்கு எழுதுபவர் மாறும். ஆகவே இரண்டாம் ஏடு படிக்குப் படி வெவ்வேறு சொல்லில் தொடங்கும். அச்சு வந்ததும் இந்த வழி அடைபட்டது. ஓர் அச்சுப் பதிப்பின் ஆயிரம் படிகளிலும் இரண்டாம் தாள் ஒரே சொல்லில்தான் தொடங்கும்.

எல்லாவற்றையும் திரும்ப அழைக்கும் வழக்கம் மட்டும் நெடுங்காலம் நீடித்தது. அமெரிக்காவின் ஹார்வர்டில் 1856 முதல் 1877 வரை நூலகராக இருந்த ஜான் லாங்டன் சிப்ளியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மகிழ்ச்சியோடு விரைந்து நடந்துகொண்டிருந்தவரிடம் காரணம் கேட்டார்களாம். எல்லாப் புத்தகங்களும் உள்ளே வந்துவிட்டன, இரண்டு மட்டும் பேராசிரியர் அகாசியிடம் இருக்கின்றன, அவற்றை வாங்கத்தான் போகிறேன் என்றாராம். புத்தகங்கள் ஒருவர் கையிலும் இல்லாத நாளே அவருக்கு நல்ல நாள்!

1876இல் அமெரிக்க நூலகச் சங்கம் தோன்றியதை ஒட்டிய ஆண்டுகளில், கோடுகளும் கட்டங்களும் அச்சிட்ட சேர்க்கைப் பதிவேடுகள் நூலகங்களில் பரவின. இதன் விதி எளிது. வாங்கிய ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். ஒரே நூலில் மூன்று படிகள் வாங்கினால் மூன்று வரிகள், மூன்று எண்கள். வந்த நாள், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை, பில் எண் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. கடைசியில் குறிப்புக் கட்டம் இருக்கும். ஒருமுறை தந்த எண்ணை வேறு புத்தகத்துக்குத் தரக்கூடாது. எழுதிய வரியை அழிக்கவும் கூடாது. இரண்டாம் ஏட்டின் சொல் செய்த வேலையை இப்போது இந்த எண் செய்தது. புத்தகம் வாசகரிடம் இருந்தால் வழங்கல் பதிவேட்டில் அதன் எண் இருக்கும். எனவே எல்லோரையும் அழைத்துக் கம்பளம் விரிக்க வேண்டிய தேவை இல்லை.

இந்தச் சரிபார்ப்பை நான் கற்றது பள்ளியில்தான். 2009இல் எங்கள் பள்ளி நூலகத்தின் பொறுப்பு என்னிடம் வந்தது. முன்பு பொறுப்பில் இருந்த ஆசிரியர் அவ்வாண்டு ஓய்வு பெறவிருந்தார். அவர் ஒருமுறை எண்ணிப் பார்த்து, 69 புத்தகங்கள் இல்லை என்று எழுதியிருந்தார். அவற்றின் விலையைக் கட்டினால்தான் அவருக்கு நிலுவையின்மைச் சான்று கிடைக்கும் என்பது அலுவலகத்தின் நிலை. மறுபடி ஒருமுறை பார்க்கலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம்.

பதிவேட்டின் கடைசி எண் 2,318. குறிப்புக் கட்டத்தில் ஆணை எண்ணோடு முன்பே நீக்கப்பட்டவை 204. ஆகவே இருக்கவேண்டியவை 2,114. பதிவேட்டையே தூக்கிக்கொண்டு அலமாரி அலமாரியாக அலைவது சரிவராது. தாள்களில் 1 முதல் 2,318 வரை எண்களை மட்டும் கட்டம்கட்டமாக எழுதிக்கொண்டோம். ஒருவர் புத்தகத்தைத் திறந்து எண்ணைச் சொல்ல, மற்றவர் அந்தக் கட்டத்தை அடிப்பார். ஏற்கெனவே அடித்த எண் மறுபடி வந்தால் அங்கேயே நிற்கவேண்டும். ஒன்று, காதில் தவறாக விழுந்திருக்கும். அல்லது இரண்டு புத்தகங்களில் ஒரே எண் எழுதப்பட்டிருக்கும். பழைய பேனா எழுத்தில் 1 எது, 7 எது என்று பல இடங்களில் தடுமாறினோம்.

அலமாரியில் கிடைத்தவை 1,987. மீதி 127இல் வழங்கல் பதிவேட்டின்படி 46 புத்தகங்கள் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் இருந்தன. 12 பைண்டிங்குக்குப் போயிருந்தன. மிஞ்சியது அதே 69. அவர் எண்ணியதில் பிழை இல்லை. ஆனால் பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அடிபடாத எண் காணாமற்போன புத்தகம் ஆகாது. இன்னும் தேடவேண்டிய எண், அவ்வளவுதான்.

முதலில் நூலகத்துக்கு வெளியே தேடினோம். தலைமையாசிரியர் அறையிலும் அறிவியல் ஆய்வகத்திலும் கையெழுத்தின்றிப் போன 23 புத்தகங்கள் கிடைத்தன. எஞ்சிய 46 எண்களை வரிசையாக எழுதியபோது ஒன்று கண்ணில் பட்டது. 1,200 முதல் 1,209 வரை பத்தும் தொடர்ச்சியாக விடுபட்டிருந்தன. பத்து புத்தகங்கள் எண் வரிசைப்படி திருட்டுப் போகுமா? பதிவேட்டைத் திறந்தால், ஒரு பக்கம் 1,199இல் முடிந்து மறுபக்கம் 1,210இல் தொடங்கியது. பக்கத்தைத் திருப்பும்போது எழுதியவர் பத்து எண்களைத் தாண்டிவிட்டார். பழைய பில்லை எடுத்தோம். அதில் 25 புத்தகங்கள் இருந்தன. பதிவேட்டில் 1,185 முதல் 1,199 வரை பதினைந்து, 1,210 முதல் 1,219 வரை பத்து. கணக்கு சரியாக இருந்தது. அந்தப் பத்து எண்களுக்குப் புத்தகங்களே ஒருநாளும் இருந்ததில்லை.

பிறகு எண்ணே இல்லாத புத்தகங்களைப் பிரித்தோம். மறுபைண்டிங்கில் முகப்புத்தாளும் ஒட்டுச்சீட்டும் போன எட்டுப் புத்தகங்கள் மூலையில் கிடந்தன. நூலகங்களில் ரகசியப் பக்கம் என்று ஒரு வழக்கம் உண்டு. தான் தேர்ந்தெடுத்த ஓர் உள்பக்கத்திலும் நூலகம் சேர்க்கை எண்ணை எழுதிவைக்கும். எங்கள் பள்ளியில் அது 37ஆம் பக்கம். எட்டிலும் எண் இருந்தது; எட்டும் பட்டியலில் இருந்தவையே. முடிவில் உண்மையாகக் காணாதவை 28.

28 என்பது அதிகமா? அதற்கு முந்தைய முழுச் சரிபார்ப்பு நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) விதி 215 இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் இழப்பு இயல்பானது என்று ஏற்கலாம். ஆனால் நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக்கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்கவேண்டும். 20,000 நூல்கள் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழுமையாகச் சரிபார்க்கவேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கானது. மாநிலப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்கள் நூலகம் ஆண்டுக்குச் சுமார் 900 புத்தகங்களை வழங்கியது. ஒன்பது ஆண்டுகளில் 8,100. அந்த அளவுகோலின்படி 40 வரை இயல்பான இழப்பு.

அன்று எங்களிடம் அந்த விதி இல்லை. பில்லும் எண் தாள்களும்தான் இருந்தன. அவற்றை வைத்து அறிக்கை எழுதினோம். 28 புத்தகங்களின் விலையை மட்டும் அவர் கட்டினார். அதுவும் நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பொறுப்பாளரே விலை தரவேண்டும் என்றால் அவர் அலமாரியைப் பூட்டிவிடுவார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், வாசகர் தாமே அலமாரியிலிருந்து நூலை எடுக்கும் திறந்த முறைக்காக வாதாடியவர். அப்படித் திறந்தால் சில நூல்கள் தொலையவே செய்யும்.

இனிப் பதிவேட்டில் என்ன எழுதுவது என்ற கேள்வி. காணவில்லை என்பதும் நீக்கப்பட்டது என்பதும் வெவ்வேறு நிலைகள். முதலாவது சரிபார்த்தவர் கண்டது. இரண்டாவது அதிகாரியின் ஆணை. 28 எண்களின் குறிப்புக் கட்டத்தில் ‘2009 சரிபார்ப்பில் இல்லை’ என்று மட்டும் எழுதினோம். வரியை அடிக்கவில்லை. தாண்டிப்போன பத்து எண்களுக்கு, பக்கத்தின் அடியில் விளக்கம் எழுதித் தலைமையாசிரியரின் கையொப்பம் பெற்றோம். இன்று பல நூலகங்களில் உள்ள கோஹா மென்பொருளும் இந்த வேறுபாட்டைக் காக்கிறது. அதில் Lost status ஒரு புலம், Withdrawn status மற்றொரு புலம். ஒருவர் Inventory பகுதியில் பார்கோடுகளை ஏற்றிச் சரிபார்த்தாலும், எங்கள் எண் தாள் செய்த வேலைதான் நடக்கிறது. பைண்டிங்குக்குப் போன நூலையும் தலைமையாசிரியர் அறையில் உள்ள நூலையும் அது தானாக அறியாது.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம், பழைய மாணவர் ஒருவர் வீட்டை வெள்ளையடிக்கும்போது கிடைத்தது என்று ஓர் அகராதியைக் கொண்டுவந்து தந்தார். 37ஆம் பக்கத்தைத் திறந்தேன். எண் 873. பதிவேட்டில் அந்த வரி அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. ‘2009 சரிபார்ப்பில் இல்லை’ என்பதன் கீழே ‘திரும்ப வந்தது’ என்று தேதியோடு எழுதினேன். அதற்கு அவர் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறத் தனியே ஒரு விண்ணப்பம் எழுதவேண்டியிருந்தது.