ஸ்கிரீனிங் டெஸ்டில் 'பாசிட்டிவ்': குழந்தைக்கு ஆட்டிசம் என்று அர்த்தமா?

தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, 'ஆமாம், இல்லைன்னு டிக் பண்ணுங்க' என்கிறார். 20 கேள்விகள். அதுதான் எம்-சாட்-ஆர். 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்துக்கான அறிகுறிகளைத் தேடும் கேள்வித்தாள் இது. இது நோயைக் கண்டறியும் சோதனை அல்ல. யாரை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டும் சல்லடை மட்டுமே.

மதிப்பெண் என்ன சொல்கிறது?

0 முதல் 2 வரை வந்தால் ஆபத்து குறைவு. ஆனால் குழந்தைக்கு இரண்டு வயது முடியவில்லை என்றால், முடிந்தபின் மறுபடி பார்க்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக நிபுணரிடம் அனுப்புவார்கள். 3 முதல் 7 வரை வந்தால் இரண்டாம் கட்டக் கேள்விகள் உண்டு. பிஸியான கிளினிக்குகளில் விட்டுப்போவது இதுதான்.

இரண்டாம் கட்டத்தில் என்ன நடக்கும்?

20 மாதக் குழந்தை ஒன்று 4 மதிப்பெண் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சத்தம் பிடிக்கவில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் கேட்பதில்லை, எதையும் சுட்டிக் காட்டுவதும் இல்லை.

தவறிய இந்த நான்கை மட்டும் டாக்டர் விரிவாகக் கேட்பார். 'விளையாட்டில் மூழ்காத நேரத்தில் கூப்பிட்டால்?' என்றதும் அம்மா, 'அப்போ திரும்புவான்' என்கிறார். அந்தக் கேள்வி பாஸ். மிக்ஸி சத்தத்துக்கு மட்டும்தான் அழுகை, அதுவும் எப்போதாவது என்றால் அதுவும் பாஸ். ஆனால் தண்ணீர் வேண்டும் என்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கிறான். வானத்தில் விமானம் போனால் 'பாரு' என்று காட்டுவதில்லை. சுட்டும் கேள்விகள் இரண்டும் அப்படியே நிற்கின்றன. இரண்டு மிஞ்சினாலே முடிவு பாசிட்டிவ்தான்.

பாசிட்டிவ் என்றால் ஆட்டிசமா?

அவசியமில்லை. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டு கட்டத்திலும் பாசிட்டிவ் ஆகி, பின்னர் பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே ஆட்டிசம் உறுதியானது. ஆனால் சுமார் 95% பேருக்கு வளர்ச்சியில் ஏதோ ஒரு தாமதமோ கவலைக்குரிய விஷயமோ இருந்தது. அதனால் 'தப்பான அலாரம்' என்று ஒதுக்கவும் முடியாது.

அடுத்து என்ன செய்வது?

முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். வீட்டில் கைதட்டிப் பார்ப்பது போதாது. ஆடியாலஜிஸ்ட் செய்யும் பரிசோதனை, தேவைப்பட்டால் பெரா டெஸ்ட் வேண்டும். கூடவே குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் முழு மதிப்பீட்டுக்கு நேரம் வாங்குங்கள். 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் 'டிஇஐசி' எனும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இது இலவசம்.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். அதைத் தொடங்க ஆட்டிசம் என்று உறுதியாக வேண்டியதில்லை. 'ஆம்பளப் பையன் லேட்டாத்தான் பேசுவான்' என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் இங்கே தவறியது பேச்சு அல்ல, சுட்டிக் காட்டுவது. நிபுணரிடம் போகும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். நிரப்பிய தாளையும் எடுத்துப் போங்கள்.