காமிரா இல்லாமல் வந்த அளவுகோல்

பி.எட். படித்தவர்கள் எவரும் அந்தத் தாளை மறந்திருக்க மாட்டார்கள். முன்னால் சக மாணவர் ஒருவர் ஆறு நிமிடம் பாடம் எடுப்பார். கடைசி வரிசையில் இருப்பவர் கையில் ஒரு தாள் இருக்கும். கேள்வி கேட்டால் ஒரு கோடு, எடுத்துக்காட்டு சொன்னால் ஒரு கோடு என்று அதில் போட்டுக்கொண்டே வந்து, முடிவில் ஒவ்வொரு கூறுக்கும் மதிப்பெண் இடுவார். நுண்நிலைக் கற்பித்தல் என்று பாடநூல்கள் சொல்லும் பயிற்சி இது. இன்று ஓர் ஆசிரியர் மாணவரின் உரையைக் கைப்பேசியில் பார்த்து, அளவுகோலின்படி மதிப்பிட்டு எழுதும் பின்னூட்டக் கடிதத்துக்கு மூதாதை இந்தத் தாள்தான்.

இதன் தொடக்கம் 1963-ல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில். ட்வைட் ஆலனும் அவருடைய குழுவினரும் பயிற்சி ஆசிரியரின் சிறு பாடத்தை வீடியோவில் பதிவுசெய்து அவரிடமே போட்டுக் காட்டினார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு ஒரு மதிப்பீட்டுப் படிவமும் வைத்திருந்தார்கள். பதிவும் படிவமும் ஒன்றாகவே பிறந்தன.

இந்தியாவுக்கு வரும்போது இரண்டும் பிரிந்துவிட்டன. 1967-ல் அலகாபாத்தில் டி.டி. திவாரி இந்த முறையைத் தொடங்கினார். 1970-களில் பி.கே. பாஸி முதலியோர் அதை நம் கல்லூரிகளுக்கு ஏற்ப வடித்தெடுத்தார்கள். வீடியோக் கருவி வாங்க வசதியில்லாததால், அதன் இடத்தில் சக மாணவரை உட்கார வைத்தார்கள். ஏழைக் கல்லூரியும் பயன்படுத்தக்கூடிய நல்ல தீர்வு அது. ஆனால் ஓர் இழப்பும் இருந்தது. “நீங்கள் பலகையைப் பார்த்தே பேசினீர்கள்” என்று சொன்னால், “இல்லையே” என்று பதில் வரும். மறுபடி போட்டுப் பார்க்க வழியில்லை.

அளவுகோல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1961-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று விடை தருகிறது. பால் டீடரிக்கும் உடனிருந்தோரும் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களில் பிரிக்கச் சொன்னார்கள். 94 விழுக்காட்டுக் கட்டுரைகள் ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு தரங்களைப் பெற்றன. ஒருவர் கருத்தைப் பார்த்திருந்தார், ஒருவர் பிழையைப் பார்த்திருந்தார், இன்னொருவர் நடையில் மயங்கியிருந்தார். கூறுகளைப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் விளக்கம் எழுதி வைக்கும் ரூப்ரிக் முறை பின்னாளில் வேரூன்ற இத்தகைய முடிவுகள் வழிவகுத்தன.

கைப்பேசி வந்தபின் பதிவும் படிவமும் மீண்டும் சேர்ந்திருக்கின்றன. ஒரு கடிதத்தைக் கட்டிப் பார்ப்போம். மார்க்கையன்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முல்லைப்பெரியாறு அணை பற்றி ஐந்து நிமிடம் பேசிப் பதிவுசெய்து அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். செய்தி, வரிசை, குரலும் பார்வையும், கேள்விக்குப் பதில் என நான்கு கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். ஆசிரியர் முதல்முறை நிறுத்தாமல் பார்க்கிறார். இரண்டாம் முறை நிமிடக் கணக்கைக் குறித்துக்கொண்டு பார்க்கிறார்.

“மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்ததைக் கையால் காட்டினாய், பார்த்ததும் விளங்கியது. 1895-ல் அணை திறந்ததையும் சரியாகச் சொன்னாய். செய்திக்கு 4. பென்னிகுயிக் சந்தித்த இடர்களைச் சொல்லும் இடத்தில், 2:10 முதல் 2:40 வரை, தாளைப் பார்த்தே படித்தாய், குரலும் இறங்கிவிட்டது. ‘முக்கியமான இடத்தில் தாளைப் படிக்கிறார்’ என்பது 2-ஆம் நிலை. அந்தப் பகுதியை மட்டும் மூன்று சொற்களாகத் தாளில் குறித்துக்கொண்டு மறுபடி பேசிப் பார்.”

மதிப்பெண்ணுக்குக் காரணம் நிலை விளக்கத்திலும், சான்று பதிவின் நொடியிலும் இருக்கின்றன. மாணவியே போட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம். திருத்தச் சொன்னதும் ஒரே ஒரு செயல்தான்.

தவறு நேரும் இடங்களும் உண்டு. மின்விசிறி இரைச்சலில் குரல் அமுங்கினால், கைப்பேசியின் குறை மாணவியின் கணக்கில் ஏறிவிடும். கம்பம் பள்ளத்தாக்கின் பேச்சு வழக்கைத் ‘தெளிவின்மை’ என்று குறைத்துப் போடுவது அதைவிடப் பெரிய அநீதி. முதல் கூறில் 4 போட்ட கை மற்றவற்றிலும் தாராளமாகிவிடுவதும் நடக்கும். இவற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி, இன்னோர் ஆசிரியர் அதே பதிவைத் தனியாக மதிப்பிடுவது. ஒரு கூறில் இருவருக்கும் இரண்டு நிலை வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் அந்தக் கூறின் விளக்கமே மங்கலாக இருக்கும். அதைத்தான் முதலில் திருத்தி எழுத வேண்டும்.

பழைய பயிற்சியிலிருந்து இன்று கைநழுவிப் போனது ஒன்று உண்டு. நம் கல்லூரிகளின் சுற்று 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, திட்டத்தைத் திருத்த 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி பின்னூட்டம் 6. முதல் பின்னூட்டத்துக்குப் பிறகு மட்டும் 24 நிமிடம். கடிதம் எழுதும் ஆசிரியர்கள் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றும் முன் அந்த மாணவியிடம் இரண்டாவது பதிவைக் கேட்டு வாங்க வேண்டும்.