மன்னருக்காகக் குதிரையேறியவர்கள்

தென் அமெரிக்க விடுதலைன்னாலே குதிரைமேல் சிமோன் பொலிவார், எதிரே ஸ்பெயின் படை என்றுதான் மனசில் படம் வரும். வெனிசுலா கதையைக் கொஞ்சம் தோண்டினால் அந்தப் படம் கலைந்துவிடுகிறது. 1814இல் பொலிவாரைத் துரத்தியடித்தது கடல் கடந்து வந்த படை இல்லை. உள்ளூர் மாடு மேய்ப்பவர்கள்!

1808இல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்டைப் பிடித்து வைத்தார். மன்னரே இல்லாதபோது நம்மை ஆள்வது யார் என்ற கேள்வி காலனிகளில் எழுந்தது. காரகாஸ் நகரத்துப் பெரிய மனிதர்கள் 1811 ஜூலை 5இல் சுதந்திரம் அறிவித்தார்கள். இவர்களில் பலர் அங்கேயே பிறந்த வெள்ளையர், கொக்கோ தோட்ட முதலாளிகள். இவர்களது அரசியல் சட்டம் எல்லோரும் சமம் என்றது. ஆனால் சொத்து இருந்தால்தான் ஓட்டு, அடிமை முறையிலும் கை வைக்கவில்லை.

தெற்கே லானோஸ் என்ற பரந்த புல்வெளி. அங்கே கலப்பினத்தவரும் தப்பி வந்த அடிமைகளும் குதிரையேறி மாடு மேய்த்துப் பிழைத்தார்கள். அவர்களுக்குப் பெயர் லானெரோ. அவர்களைப் பொறுத்தவரை எதிரி எங்கோ இருக்கிற மன்னர் இல்லை, பக்கத்திலிருக்கும் பண்ணையார்தான். ஸ்பெயினில் பிறந்து அங்கே வியாபாரம் செய்த பொவேஸ் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். முதலாளிகளின் சொத்தை எடுத்துக்கோங்க என்று சொல்லி மன்னர் பெயரில் படை திரட்டினார். 1814 ஜூனில் லா புவெர்தாவில் பொலிவார் தோற்றார், காரகாஸ் மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டு ஓடினார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் பொவேஸ் போரில் செத்தார். அடுத்த வருஷம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு ஸ்பெயினிலிருந்து தளபதி மொரில்லோ வந்து இறங்கினார். ஒழுங்கான ராணுவம் வந்தபிறகு லானெரோக்களுக்குப் பழைய மரியாதையும் இல்லை, கொள்ளையும் இல்லை. பலர் பாயெஸ் என்ற உள்ளூர்த் தலைவன் பக்கம், அதாவது விடுதலைப் பக்கம் சாய்ந்தார்கள். ஜெயித்தால் பண்ணை நிலத்தில் பங்கு என்பது பாயெஸ் தந்த வாக்கு.

பொலிவாரும் மாறியிருந்தார். ஹெய்ட்டியில் அடைக்கலம் புகுந்தவருக்கு அதிபர் பெத்தியோன் ஆயுதம் கொடுத்தார், ஒரே நிபந்தனை: அடிமைகளை விடுவிக்கணும். 1816இல் பொலிவார் அப்படியே அறிவித்தார், ஆனால் படையில் சேரும் ஆண்களுக்குத்தான் விடுதலை. தோட்டக்காரர்களின் போர் இப்படித்தான் மற்றவர்களின் போராகவும் ஆனது. 1821 ஜூனில் கரபோபோவில் ஸ்பெயின் படை நொறுங்கியபோது முன்னால் நின்றவர்களில் பாயெஸின் லானெரோக்களும் இருந்தார்கள்.

வாக்கு என்ன ஆச்சு? வீரர்களுக்கு நிலத்துக்குப் பதிலாகப் பத்திரம் கொடுத்தார்கள். காசில்லாத வீரர்கள் அதை அடிமாட்டு விலைக்கு விற்க, அதிகாரிகள் வாங்கிச் சேர்த்தார்கள். பாயெஸே பெரிய பண்ணையார் ஆனார். 1821இல் வந்த சட்டப்படி, அடிமைத் தாய்க்கு இனிமேல் பிறக்கும் குழந்தைதான் சுதந்திரப் பிறவி. அதுவும் 18 வயது வரை தாயின் எஜமானரிடம் உழைக்கணும். வெனிசுலாவில் அடிமை முறை முழுசாக ஒழிந்தது 1854இல்தான். மன்னர் போய் முப்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.