மணி பிளான்ட் இலை மஞ்சளாகிறதா? உரம் வைக்கும் முன் வேரைப் பாருங்கள்

வீட்டுக்குள் வளர்க்கும் செடியின் இலை மஞ்சளானால், செல்பேசியில் படம் எடுத்து நர்சரிக்கு அனுப்பிக் காரணம் கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்படி அனுப்பப்படும் செய்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"வணக்கம் அண்ணா. ஆறு மாதத்துக்கு முன் உங்களிடம் வாங்கிய மணி பிளான்ட் இது. ஹாலில் டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். பத்து நாளில் அடி இலைகள் நாலு மஞ்சளாகிவிட்டன. மற்ற இலைகளும் வாடித் தொங்குகின்றன. சத்துக் குறைபாடா? என்ன உரம் வைக்கலாம்?"

படத்தில் மஞ்சள் இலை மட்டுமே தெரியும். காரணத்தைக் கண்டுபிடிக்க உதவுவது அதனுடன் எழுதிய விவரங்கள்தான்.

எந்த இலை முதலில் மஞ்சளானது?

இரும்புச்சத்து குறைந்தால் நுனியில் உள்ள இளம் இலைகள்தான் முதலில் வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். இங்கே மஞ்சளானவை அடி இலைகள் என்பதால் அதை விட்டுவிடலாம்.

தழைச்சத்து குறைந்தால் செடி முதிர்ந்த இலைகளிலிருந்து சத்தை எடுத்துப் புது இலைகளுக்கு அனுப்பும். அதனால் அடி இலைகள் மஞ்சளாகும். ஆனால் இது பல வாரங்களில் மெதுவாக நடக்கும். புது இலைகள் சிறுத்து வெளிறி வருமே தவிர, செடி வாடாது.

இந்தச் செடியிலோ பத்து நாளில் நாலு இலைகள் போய்விட்டன. தினமும் தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது. ஈரம் இருந்தும் செடி வாடினால், வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாத நிலையில் இருக்கிறது என்று பொருள். எனவே வேரழுகலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வேர் ஏன் அழுகுகிறது?

வெளிச்சம் குறைந்த ஹாலில் செடி மிகக் குறைவாகவே தண்ணீர் எடுக்கும். நர்சரித் தொட்டிகளில் பெரும்பாலும் இருக்கும் தென்னைநார்க் கழிவு ஈரத்தை நீண்ட நாள் பிடித்து வைக்கும். தினமும் தண்ணீர் சேரும்போது மண்கலவையின் காற்று இடைவெளிகள் நிரம்பிவிடும். காற்றில்லாமல் வேர் செத்து, பித்தியம் போன்ற நோய்க்கிருமிகள் அதில் பரவும். இந்த நிலையில் உரம் வைத்தால், அதன் உப்பு மிச்சமிருக்கும் நல்ல வேரையும் கருக்கிவிடும்.

உறுதி செய்வது எப்படி?

விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா, வெளியே உள்ள அலங்காரத் தொட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு வெளியே எடுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகக் கொழகொழத்து, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு நரம்பு மட்டும் மிஞ்சும். துர்நாற்றமும் வரலாம்.

வேர் நன்றாகவும் மண் தூள்போல் உலர்ந்தும் இருந்தால், தண்ணீர்ப் பற்றாக்குறைதான் காரணம். அப்போது நன்றாக நனைத்தால் செடி நிமிர்ந்துவிடும்.

என்ன செய்யலாம்?

• அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டி எடுங்கள். பழைய மண்ணை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

• செம்மண், மணல், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம பங்கு கலந்து, ஒரு கைப்பிடி மண்புழு உரம் சேர்த்து, துளையுள்ள தொட்டியில் நடுங்கள். வேர் குறைந்துவிட்டதால் பெரிய தொட்டி வேண்டாம்.

• வேர் பாதிக்கு மேல் போயிருந்தால் செடியைக் காப்பது கடினம். பச்சையான கொடியைக் கணுவோடு வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் புது வேர் விடும்.

• ஜன்னல் பக்கம், நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

• புது இலை விரியும் வரை ரசாயன உரம் வேண்டாம்.

மஞ்சளான இலை மீண்டும் பச்சையாகாது; அதைக் கிள்ளிவிடலாம். புது இலை வருவதே செடி தேறியதற்கு அடையாளம். எப்போதாவது அடியில் ஓர் இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால், அது முதிர்வு, கவலை வேண்டாம்.

நர்சரிக்கு எழுதும்போது

முழுச் செடி, மஞ்சள் இலையின் மேல், கீழ்ப்புறம், வெளியே எடுத்த வேர் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். மஞ்சளானது அடி இலையா நுனி இலையா, எத்தனை நாளில் மஞ்சளானது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், தொட்டியில் துளை உண்டா, ஜன்னல் எவ்வளவு தூரம் என்ற ஐந்து விவரங்களையும் சேர்த்து எழுதினால், நர்சரிக்காரர் ஊகிக்காமல் சரியான காரணத்தைச் சொல்ல முடியும்.