ஒப்புதல் பொத்தானும் மாறும் விதிகளும்: அமெரிக்க இணையச் சூதாட்ட ஒப்பந்தங்களில் நடுவர் தீர்வுப் பிரிவின் வளர்ச்சி

ஆய்வுப் பொருள்

இணையச் சூதாட்டத் தளங்களின் ஒப்பந்தங்களில் இரண்டு பிரிவுகள் ஏறத்தாழ எப்போதும் சேர்ந்தே இடம்பெறுகின்றன. தகராறு எழுந்தால் நீதிமன்றம் செல்லாமல் தனியார் நடுவரிடம் தனித்தனியாகவே முறையிட வேண்டும் என்பது முதல் பிரிவு. இந்த விதிகளை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது இரண்டாவது. இரண்டையும் தனித்தனியே படித்தால் அவற்றின் முழு விளைவு புலப்படாது. ஒருவர் பணத்தை இழந்து, வழக்கும் தொடர்ந்த பிறகு, இரண்டாவது பிரிவைக் கொண்டு முதல் பிரிவை ஒப்பந்தத்தில் புகுத்திவிட முடியும். இதை அமெரிக்க நீதிமன்றங்கள் எந்த அளவுக்கு அனுமதித்தன, எங்கே தடுத்தன என்பதை வாஷிங்டன் மாநிலத்தில் எழுந்த கைப்பேசிச் சூதாட்ட வழக்குகளை மையமாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

வணிகர் சட்டம் நுகர்வோரிடம் வந்த வழி

நடுவர் தீர்வுக்கு அமெரிக்காவில் வலிமை தந்தது 1925ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம். அதன் பின்னணியில் இருந்தவை பேரம் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் வணிகர்களின் தேவைகளே. நிறுவனமே எழுதிவைத்த விதிகளை நுகர்வோர் அப்படியே ஏற்கும் நிலை பரவியபோது, அதே சட்டம் அவர்கள்மீதும் பாய்ந்தது.

திருப்புமுனை 2011இல் வந்தது. செல்பேசி இலவசம் என்று நம்பி வாங்கிய தம்பதியரிடம் ஏடி அண்ட் டி நிறுவனம் 30.22 டாலர் விற்பனை வரி வசூலித்தது. அவர்கள் கூட்டு வழக்கில் இணைந்தார்கள். நிறுவனத்தின் ஒப்பந்தத்திலோ கூட்டு வழக்கைத் தடுக்கும் நடுவர் தீர்வுப் பிரிவு இருந்தது. இத்தகைய பிரிவுகள் அநியாயமானவை என்று கலிபோர்னியாச் சட்டம் கருதியது. ஆனால் 1925ஆம் ஆண்டின் சட்டமே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முப்பது டாலருக்காகத் தனியாக முறையிட எவரும் முன்வருவதில்லை. ஆகவே, கூட்டாக வழக்காடும் வழி அடைபட்டபோது சிறு இழப்புகளுக்கான நிவாரணமும் பெரும்பாலும் இல்லாமல் போனது.

விதிகளின் உள்ளடக்கத்தை எதிர்க்கும் வழி இப்படிக் குறுகிவிட்டதால், நுகர்வோர் தரப்புக்கு எஞ்சிய வலுவான கேள்வி ஒன்றுதான்: இந்த விதிகளுக்கு நான் உண்மையில் ஒப்புக்கொண்டேனா? இதற்கான அடித்தளம் 2002இல் நெட்ஸ்கேப் வழக்கில் அமைந்தது. பதிவிறக்கப் பொத்தான் திரையில் தெரிந்தது. விதிகள் இருப்பதைச் சொல்லும் வரியோ, திரையைக் கீழே நகர்த்தினால்தான் தெரிந்தது. அந்தப் பொத்தானை அழுத்தியது விதிகளுக்கான சம்மதமாகாது என்று நீதிமன்றம் கூறியது.

ஹியூஜ் வழக்கு: திரையே சாட்சி

சூதில் இழந்த பணத்தை மீட்க வழக்குத் தொடரும் உரிமையை வாஷிங்டன் மாநிலச் சட்டம் தருகிறது. 'பிக் ஃபிஷ் கேசினோ' செயலியில் தொடக்கத்தில் சிப்ஸ் இலவசமாகக் கிடைக்கும். அவை தீர்ந்ததும், ஆட்டத்தை உடனே தொடர விரும்புகிறவர் பணம் கொடுத்து வாங்க வேண்டும். அந்த சிப்ஸைப் பணமாக மாற்ற முடியாவிட்டாலும், ஆட்டத்தை நீட்டிக்க உதவுவதால் அவை மதிப்புள்ள பொருளே என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 மார்ச்சில் கூறியது. அதன்பின் இத்தகைய செயலிகளை நடத்திய நிறுவனங்களுக்கு நடுவர் தீர்வுப் பிரிவே முதன்மைக் கேடயமானது.

அந்தக் கேடயத்தை அதே நீதிமன்றம் 2019 டிசம்பரில், ஹியூஜ் நிறுவனத்தின் கேசினோ செயலி தொடர்பான வழக்கில் சோதித்தது. நீதிபதிகள் விதிகளைப் படிப்பதற்கு முன், அவற்றை எட்டும் வழியை ஆராய்ந்தார்கள். ஆப் ஸ்டோரில் செயலியின் விவரத்தை முழுமையாக விரித்து, நீண்ட உரையைக் கடந்து வந்தால்தான் விதிகள் பற்றிய குறிப்பு தெரியும். அங்கிருந்த இணைய முகவரியும் தொட்டால் திறக்காது. நகலெடுத்து உலாவியில் இட வேண்டும். செயலிக்குள் அமைப்புகள் பட்டியலில் விதிகள் இருந்தன, ஆனால் அதைத் திறக்காமலேயே எவரும் ஆடலாம். பதிவு செய்யும் கட்டாயமோ, ஒப்புக்கொள்ளும் பொத்தானோ இல்லை. விதிகள் இருப்பது ஆடியவருக்குத் தெரியும் என்பதற்கும் சான்று இல்லை. ஆகவே ஒப்பந்தமே உருவாகவில்லை என்றும், வழக்கு நீதிமன்றத்திலேயே நடக்கும் என்றும் தீர்ப்பு வந்தது.

வழக்குக்குப் பின் மாறிய விதி

விதிகளை இணையதளத்தில் மாற்றி வைத்தாலே போதுமா என்ற கேள்விக்கு ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் 2007இல் ஒரு தொலைபேசி நிறுவன வழக்கில் விடையளித்திருந்தது. விதிகள் மாறியிருக்கின்றனவா என்று வாடிக்கையாளர் அவ்வப்போது போய்ப் பார்க்கக் கடமைப்பட்டவர் அல்லர். அறிவிக்கப்படாத மாற்றத்துக்கு அவர் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது. 2009இல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் பிளாக்பஸ்டர் நிறுவனத்தின் வழக்கில் இன்னும் ஒரு படி சென்றது. முன்பே எழுந்த தகராறுகளுக்கும் பொருந்தும்படி ஒரு தரப்பு விதியை மாற்ற முடியுமானால், அந்தத் தரப்பு உண்மையில் எதற்கும் கட்டுப்படவில்லை. எனவே நடுவர் தீர்வுப் பிரிவும் செல்லாது என்றது.

நிறுவனங்கள் இதற்குக் கண்ட மாற்று, திரையில் எழும் அறிவிப்பு. பிக் ஃபிஷ் வழக்கு நிலுவையில் இருந்தபோதே, புதிய விதிகளை ஏற்கும்படி கேட்கும் அறிவிப்பு ஆடுவோருக்குக் காட்டப்பட்டது. ஏற்றால்தான் ஆட்டம் தொடரும். பல ஆண்டுகளாக ஆடி, வாங்கிய சிப்ஸ் கணக்கில் இருக்கும் ஒருவர் அந்த நொடியில் பொத்தானை அழுத்தவே செய்வார். தமக்காக ஒரு வழக்கு நடக்கிறது என்பதோ, இந்த அழுத்தத்தால் அதில் பங்குபெறும் உரிமை போகக்கூடும் என்பதோ அவருக்குச் சொல்லப்படவில்லை. இவ்வறிவிப்பு ஆடுவோரைத் தவறாக வழிநடத்துவது என்று மேற்கு வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் 2019இல் கண்டது. அடுத்த ஆண்டு பிக் ஃபிஷ் தொடர்பான வழக்குகள் 15.5 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தன.

பாதுகாப்பின் எல்லை

இந்தத் தீர்ப்புகள் ஆடுவோருக்குத் தந்த பாதுகாப்பு குறுகியது. பதிவுப் பொத்தானின் அருகிலேயே, தெளிவான எழுத்தில், தொட்டால் திறக்கும் சுட்டியோடு விதிகள் இருந்தால், அழுத்தியவர் படிக்காவிட்டாலும் பொதுவாகக் கட்டுப்பட்டவரே. ஹியூஜ் தீர்ப்புக்குச் சில வாரங்கள் முன்புதான், ட்ராஃப்ட்கிங்ஸ், ஃபேன்டூயல் ஆகிய பந்தயத் தளங்களுக்கு எதிரான வழக்குகளில் பெரும்பாலான ஆட்டக்காரர்களை மாசச்சூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் நடுவரிடம் அனுப்பியது. தோற்ற நிறுவனங்கள் கற்ற பாடமும் இதுவே: பிரிவை நீக்கத் தேவையில்லை, திரையைத் திருத்தினால் போதும்.

எனவே ஒப்புக்கொள்ளுமுன் பார்க்க வேண்டியவை மூன்று. மாற்றத்தை மின்னஞ்சலில் அறிவிப்பார்களா, அல்லது தளத்தில் இடுவதோடு நிறுத்துவார்களா? புதிய விதி ஏற்கெனவே எழுந்த தகராறுகளுக்கும் பொருந்துமா? நடுவர் தீர்விலிருந்து விலகிக்கொள்ளக் கால அவகாசம் உண்டா? பல ஒப்பந்தங்கள் இதற்கு 30 நாள் தருகின்றன; ஆனால் எழுத்து மூலம் தெரிவித்தால்தான் அது செல்லும். விதி மாறும்போது புதிய அவகாசம் தொடங்குகிறதா என்பதையும் அதே இடத்தில் பார்க்கலாம்.

முடிவுரை

நெட்ஸ்கேப் முதல் ஹியூஜ் வரையிலான வளர்ச்சியில் நீதிமன்றங்கள் முதன்மையாக அளந்தது அறிவிப்பின் தெளிவை. இழந்த பணத்தை மீட்கும் உரிமையையே ஒரு சொடுக்கில் விட்டுக்கொடுக்கச் செய்யலாமா என்ற கேள்வியை 2011ஆம் ஆண்டின் தீர்ப்பு அவற்றின் கைக்கு ஏறத்தாழ எட்டாததாக்கிவிட்டது. அந்தக் கேள்விக்கு அமெரிக்க நாடாளுமன்றம்தான் விடை சொல்ல முடியும். தகராறு எழுந்த பின் மாற்றப்படும் எந்த விதியும் அந்தத் தகராறுக்குப் பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதுவது அதன் முதல் படி. நன்றாக வடிவமைக்கப்பட்ட பொத்தானால் தாண்ட முடியாத எல்லை அதுவாகத்தான் இருக்கும்.