தற்குறி முதல் ஒலிப்பதிவு வரை: எழுத்தறியாதாரின் இசைவைப் பதிவுசெய்த முறைகள்

திறவுச்சொற்கள்: தற்குறி, கைநாட்டு, வாய்மொழி இசைவு, சாட்சி, திருவண்ணாமலை

முன்னுரை

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரு செயலுக்கு இசைந்தார் என்பதை எவ்வாறு நிறுவுவது? மருத்துவ ஆய்விலும் கள ஆய்விலும் இன்று எழும் இவ்வினா தமிழ் ஆவண மரபில் பழைமையானது. அதற்குக் காலந்தோறும் கிடைத்த விடைகள் எதற்குச் சான்றாயின, எதற்குச் சான்றாகவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தற்குறியும் கைநாட்டும்

எழுத்தறியாதவர் ஆவணத்தில் கையொப்பத்திற்கு ஈடாக இட்ட குறி ‘தற்குறி’ எனப்பட்டது. அக்குறி அவருடையதே என்று எழுத்தறிந்த மற்றொருவர் எழுதிச் சான்றளித்தார். பின்னாளில் இச்சொல் குறியிலிருந்து குறியிட்டவருக்கு மாறி, இறுதியில் வசைச்சொல்லாயிற்று. குறியும் அதற்கு அரணான பிறர் எழுத்தும் என்னும் அமைப்பு மட்டும் மாறவில்லை.

1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரரான ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தில் பெற்றார். கையொப்பத்தைப் பின்னர் அவர் மறுத்துவிடக்கூடாது என்பதே நோக்கம். கைரேகை ஆவணத்தில் இடம்பெற்றதன் பின்னணி இவ்வகை ஐயப்பாடே. ஒப்பம் என்பதில் எழுத்தறியாதவர் இடும் குறியும் அடங்கும் என 1897ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம் வகுத்தது. தற்குறியும் கைநாட்டும் ‘இட்டவர் யார்’ என்பதற்கே சான்று. அவர் எதைப் புரிந்துகொண்டார் என்பதற்கு அல்ல.

கம்மம் காட்டிய குறை

2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிச் செயல்விளக்கத் திட்டம் 10 முதல் 14 வயதுச் சிறுமியரிடையே தொடங்கி, 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 2013ஆம் ஆண்டின் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின்படி, ஆந்திரத்தின் 9,543 இசைவுப் படிவங்களில் 1,948 கைநாட்டு உடையவை. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே ஒப்பமிட்டிருந்தனர். தாள் நிரம்பியிருந்தது, ஆனால் பெற்றோருக்கு எது சொல்லப்பட்டது என்பதை அத்தாளால் காட்ட இயலவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், மருந்துச் சோதனைகளில் இசைவு பெறும் நிகழ்வை ஒலி-ஒளிப்பதிவு செய்ய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2015இல் இக்கடப்பாடு, புதிய வேதிமூலக்கூறுகளின் சோதனையில் பங்குபெறும் நலிவுற்ற பிரிவினர் அளவில் சுருக்கப்பட்டது. எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துச் சோதனைகளுக்கு ஒலிப்பதிவு மட்டும் போதும் என்றும் வகுக்கப்பட்டது. முகம் பதிவாவதே இந்நோயாளிகளுக்குத் தீங்காகக்கூடும்.

திருவண்ணாமலைச் சூழலில்

கிரிவலப் பாதையில் பூ விற்கும் எழுத்தறியாத முதிய பெண் ஒருவரிடம் அவரது நோய், வருவாய் பற்றி நேர்காணல் செய்வதாகக் கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, எழுத்தறியாதவரிடம் இசைவு பெறும்போது நடுநிலையான, எழுத்தறிந்த சாட்சி உடனிருக்க வேண்டும். எழுத்து வடிவைத் தவிர்த்து வாய்மொழி இசைவு பெறுவதாயின், நெறிமுறைக் குழுவின் முன்னனுமதி தேவை.

முதற்படி, ஒலிப்பதிவுக்கே தனியாக அனுமதி கேட்பது. அவர் மறுத்தால், சாட்சியின் எழுத்துப் பதிவு மட்டும் போதுமா என்பதைக் குழு முன்னரே தீர்மானித்திருக்க வேண்டும். அடுத்து, தகவல் தாளை அப்படியே வாசிக்காமல், அதன் செய்திகளை அவருடைய வட்டாரப் பேச்சில் பகுதி பகுதியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் “நான் சொன்னது என்னன்னு நீங்களே சொல்லுங்கம்மா” எனக் கேட்பதே இசைவின் உயிர்ப்பகுதி. “நடுவுல வேணாம்னா நிறுத்திக்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க” என்று அவர் தம் சொற்களில் திருப்பிச் சொன்னால் புரிதல் பதிவாகிறது. “நீங்க சொன்னா சரிதாங்க” என்ற விடை மரியாதையையே காட்டுகிறது. அவ்விடத்தில் விளக்கத்தை மீண்டும் தொடங்க வேண்டும். பதிவில் ஆய்வாளரின் குரலே நிறைந்து அவர் குரல் “சரி” என்ற அளவில் நின்றால், அது ஒலி வடிவிலான கைநாட்டேயாகும்.

சாட்சி முழு உரையாடலுக்கும் இருந்து, தேதியிட்டு ஒப்பமிட வேண்டும். ஆய்வுக்குழுவினரோ, அவர் கடன்பட்டவரோ, கடைக்கு இடம் தருபவரோ சாட்சியானால் கம்மத்தின் காப்பாளர் நிலையே திரும்பும். பௌர்ணமி நெரிசலில் மறுப்பதற்குரிய தனிமை கிடைக்காது. வேறொரு நாளைத் தேர்வதே முறை. பெயருக்கு மாற்றாகக் குறியீட்டெண்ணை ஒலிக்கோப்பில் சொல்லி, பெயர்ப்பட்டியலைத் தனியே காக்க வேண்டும்.

முடிவுரை

தற்குறியில் பிறர் எழுத்தும், கைநாட்டில் ரேகையும் எழுத்தறியாதவருக்காகப் பேசின. ஒலிப்பதிவில்தான் அவருடைய சொற்களே சான்றாக நிற்க இடமுண்டு. ஆயினும் கருவி குரலைக் காக்குமே அன்றி, மறுக்கும் உரிமையைத் தராது. அவர் கேட்ட வினாவும் தெரிவித்த தயக்கமும் பதிவில் கேட்கின்றனவா என்பதே அதன் தகுதியை அறியும் அளவுகோல்.